மகனின் மெசேஜுக்காக நாளுக்கு நூறு முறை

"டாக்டர், எனக்கு வயது 47. பள்ளி ஆசிரியை. மகன் டொரண்டோவில் படிக்கிறான். நேரம் கிடைக்கும்போது வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புவான். வந்திருக்கிறதா என்று நாளெல்லாம் போனைத் திறந்து பார்க்கிறேன். எண்ணியதில் ஒரு நாளைக்கு நூறு முறை. சத்தத்தை அணைத்து வைத்தேன், இன்னும் அதிகமானது. ஆப்பையே எடுத்தேன், மூன்றாம் நாள் தாங்க முடியாமல் திரும்பப் போட்டுவிட்டேன். எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?"
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

மனக்கட்டுப்பாட்டை இதற்குள் இழுக்க வேண்டாம் அம்மா. உங்களுக்கு மெசேஜ் வந்து சேரும் விதமே இந்தப் பழக்கத்தை வளர்த்திருக்கிறது. அந்த விதத்தை மாற்ற முடியும்.

1930-களில் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். எலி ஒரு கம்பியை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். உருண்டைகளை அவரே மாத்திரை உருட்டும் கருவியில் செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை, இருக்கும் உருண்டை திங்கள் காலை வரைக்கும்தான் வரும் என்று தெரிந்தது. சரி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் தராமல் நிமிடத்துக்கு ஒன்று மட்டும் தருவோம் என்று முடிவு செய்தார். எலிகள் சோர்ந்து நிறுத்திவிடவில்லை. சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. பரிசை எப்போது, எத்தனைக்கு ஒன்று என்று தருகிறோமோ அதைப் பொறுத்துப் பழக்கத்தின் வேகமும் ஆயுளும் மாறுகின்றன என்ற ஆராய்ச்சி இப்படித்தான் விரிந்தது. இதை 'வலுவூட்டல் முறை' என்பார்கள்.

இதில் உங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. ஒன்று, எத்தனை முறை செய்தோம் என்பதைப் பொறுத்து, ஆனால் எத்தனையாவது முறை என்று தெரியாமல் பரிசு வருவது. 2003-இல் தமிழ்நாட்டில் தடை வரும்வரை விற்ற லாட்டரிச் சீட்டு அந்த வகை. அதிகம் வாங்கினால் விழும் வாய்ப்பும் அதிகம். மற்றொன்று, முயற்சியின் எண்ணிக்கையோடு சம்பந்தமில்லாமல், எவ்வளவு நேரத்தில் என்று தெரியாதபடி பரிசு வந்து காத்திருப்பது. உங்கள் மகனின் மெசேஜ் இந்த இரண்டாவது வகை. நீங்கள் போனைத் திறப்பதால் அவர் எழுதுவதில்லை. அவருக்கு வகுப்பு முடிந்தால் எழுதுகிறார்.

அவர் நாளுக்கு நான்கு மெசேஜ் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் நூறு முறை என்றால் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. அதிகபட்சம் நான்கு முறை ஏதாவது இருக்கும், மீதி 96 முறை வெறுமை. நான்கே முறை திறந்திருந்தாலும் அதே நான்கு மெசேஜும் கைக்கு வந்திருக்கும். பிறகு ஏன் மனம் விடுவதில்லை? போன தடவை பார்த்ததிலிருந்து ஒவ்வொரு நிமிடம் கடக்கும்போதும் 'இப்போது வந்திருக்கலாம்' என்ற வாய்ப்பு உண்மையிலேயே கூடிக்கொண்டே போகிறது. அதனால் எந்த நிமிடமும் பார்க்கத் தகுந்த நிமிடம்தான். ஆய்வகத்தில் தீனிக்காகப் பொத்தானைக் கொத்த இந்த முறையில் பழக்கிய புறாக்களும் இப்படித்தான், வேகமும் எடுக்காமல் ஓய்வும் எடுக்காமல் மணிக்கணக்கில் கொத்திக்கொண்டே இருக்கும்.

பழக்கம் எளிதில் அறுந்துபோகாததற்கும் அந்த வெறுமைதான் காரணம். சுவிட்சைப் போட்டால் ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்த வீட்டில் ஒரு நாள் எரியவில்லை என்றால், இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவோம். ஏதோ மாறிவிட்டது என்று உடனே தெரிகிறது. உங்கள் போனில் இருபது முறை ஒன்றுமில்லாமல் இருபத்தோராவது முறை மகன் இருந்திருக்கிறார். ஆகவே வெறுமை என்பது 'நிறுத்து' என்ற செய்தியாக மனத்தில் பதியவில்லை; இன்னும் சற்றுப் பொறு என்றே பதிந்திருக்கிறது.

இனி நீங்கள் செய்து பார்த்த இரண்டுக்கும் வருகிறேன். சத்தத்தை அணைத்ததும் பழக்கம் கூடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே விஷயம் இருக்கிறது. சத்தம் இருந்தவரை 'வந்துவிட்டது' என்று சொல்ல ஓர் அடையாளம் இருந்தது. அதை எடுத்த பிறகு, தெரிந்துகொள்ள ஒரே வழி திறந்து பார்ப்பது. பலருக்கும் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைக்கும்படி அறிவுரை சொல்லப்படுகிறது. ஒரே ஒருவரின் செய்திக்காகக் காத்திருப்பவருக்கு அது எதிர்மாறாக வேலை செய்யும் என்பது என் கருத்து.

ஆப்பை எடுத்த மூன்றாம் நாள் நடந்ததும் எதிர்பார்க்கக் கூடியதே. பரிசு நின்றவுடன் பழக்கம் தணிவதற்கு முன் சில நாள் பொங்கும். அந்தப் பொங்கலின் உச்சத்தில் திரும்பப் போட்டதும் மூன்று நாள் மெசேஜும் மொத்தமாக வந்திருக்கும். எவ்வளவு நீண்ட வறட்சிக்குப் பிறகும் கிடைக்கும் என்று மனம் கற்றுக்கொண்டது. ஆகவே மறுபடி அதே வழியில் போக வேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் மகனின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் அவருக்கு மட்டும் தனி ஒலி வைக்கலாம். வேறு யாருக்கும் இல்லாத ஒலியாக இருக்கட்டும். உறவினர் குழு, பள்ளிக் குழு எல்லாவற்றையும் மியூட் செய்துவிடுங்கள். அவரை இரண்டு மூன்று முறை அனுப்பச் சொல்லி ஒலி தவறாமல் வருகிறதா என்று சோதியுங்கள். ஒரு முறை ஏமாற்றினாலும் கை மறுபடி போனுக்குப் போகும். ஒலி நம்பகமாக இருந்தால், அமைதியாக இருக்கிறது என்றாலே மகனிடமிருந்து ஒன்றுமில்லை என்று பொருள். திறந்து பார்க்க வேண்டிய அவசியம் அங்கே அற்றுப்போகிறது.

வகுப்பில் போன் சைலன்டில் இருக்கும் என்பதால் அந்த நேரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். போனைப் பையில் வைத்து ஆசிரியர் அறையில் விட்டுவிட்டு, மதிய உணவு நேரத்தில் ஒரு முறை, பள்ளி விட்டதும் ஒரு முறை என்று நேரம் குறித்துப் பாருங்கள். குறித்த நேரத்தில் மட்டும் பரிசு என்றால், பரிசு கிடைத்த உடனே விலங்குகளும் சற்று ஓய்ந்துவிட்டு, நேரம் நெருங்கும்போதுதான் முயல்கின்றன. மனிதர்களிடம் இது அவ்வளவு சீராக அமைவதில்லை என்றாலும் கடிகாரம் பார்க்கத் தெரிந்த நமக்கு நேரம் குறிப்பது உதவுகிறது. மணி பார்க்கவே போனை எடுப்பவர் என்றால் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் தவிப்பு கூடலாம். அப்போது இடையில் ஒரு முறை மட்டும் பார்ப்போம் என்று விட்டுக்கொடுத்தால் பழைய முறை திரும்பிவிடும். எண்ணிக்கையைத் தினமும் இரவில் குறித்து வையுங்கள்; மூன்றாம் நான்காம் நாள் ஏறியிருந்தாலும் இரண்டாம் வாரத்தில் இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். திறந்து பார்க்கும்போது மகிழ்ச்சிக்குப் பதில் 'அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்ற நிம்மதிதான் வருகிறதா, அதுவும் சில நிமிடத்தில் கரைந்து பயம் திரும்புகிறதா, இரவில் எழுந்து எழுந்து பார்க்கிறீர்களா? அப்படியானால் இது பழக்கத்தைத் தாண்டிய பதற்றம். மேலே சொன்னது போதாது; மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மகனிடமும் பேசுங்கள். தஞ்சாவூரில் காலை 6.30 என்றால் டொரண்டோவில் முந்தைய நாள் இரவு, கோடையில் 9 மணி, குளிர்காலத்தில் 8 மணி. தினமும் அந்த நேரத்தில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். அவசரம் என்றால் மெசேஜ் வேண்டாம், அழைத்துவிடு என்று சொல்லிவையுங்கள்.