மாடித்தோட்டப் பராமரிப்பு: 12 வீடு இருந்தும் கையில் ஏன் காசு நிற்கவில்லை?

கேள்வி: அடுக்குமாடி வீடுகளில் மாடித்தோட்டத்தை மாத ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 12 வீடு, வாரம் ஒரு முறை போவேன். வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டு எல்லோருக்கும் ஒரே கட்டணம் வைத்தேன். மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. இதில் இரண்டு வீட்டில் செத்த செடிகளுக்குப் பதில் புதுச்செடி கேட்கிறார்கள். இன்னும் நாலைந்து வீடு பிடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. இன்றைய கட்டணத்திலேயே வீடுகளைக் கூட்டினால் அலைச்சல்தான் கூடும்.

முதலில் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்ப்போம். 50 தொட்டி உள்ள மாடி என்று வையுங்கள். காய்ந்த இலையைக் கிள்ளி, இலையின் அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, மண்ணில் விரல் விட்டு ஈரம் பார்க்க ஒரு தொட்டிக்கு ஒன்றரை நிமிடம் வேண்டும். அதுவே 75 நிமிடம். வண்டிப் பயணம், செக்யூரிட்டியிடம் கையெழுத்து, லிஃப்ட், வாளியும் உரமும் தூக்குவது எல்லாம் சேர்ந்து 35 நிமிடம். ஆக ஒரு வருகைக்கு 110 நிமிடம்.

மாதத்துக்கு நாலு வாரம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள், பலரும் சறுக்குவது இங்கேதான். வருடத்தில் 52 வாரம். அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 4.33 வருகை வருகிறது. வீட்டுக்கு வருடம் நாலு வருகை என்று 12 வீட்டுக்கு 48 வருகை இலவசமாகப் போகிறது. 110 நிமிடத்தையும் 4.33 வருகையையும் பெருக்கினால், ஒரு வீட்டுக்கு மாதம் நீங்கள் 4 மணி நேரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஏறக்குறைய 8 மணி நேரம் உழைக்கிறீர்கள். உரம், வேப்ப எண்ணெய், பெட்ரோல் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இதற்காகக் கட்டணத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்க வேண்டாம், பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்பதை விட்டுத் தொட்டிக் கணக்குக்கு மாறுங்கள். 20 தொட்டிக்காரரும் 80 தொட்டிக்காரரும் ஒரே தொகை கொடுத்தால் 80 தொட்டியின் வேலைக்குக் கூலி நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். உரத்தையும் மருந்தையும் தனி பில்லாகக் கொடுங்கள். புது வீடு என்றால் முதல் மாதம் களை, காய்ந்த செடி, இறுகிய மண் என்று வேலை இரண்டு பங்கு இருக்கும். அதற்கு ஒருமுறைக் கட்டணம் தனியாக வாங்குங்கள். மாதத் தொகையை முன்பணமாகவே வாங்குங்கள்.

அப்புறம், புது வாடிக்கையாளரை ஏற்கெனவே போகும் கட்டடத்திலேயே தேடுங்கள். ஒரே கட்டடத்தில் மூன்று வீடு கிடைத்தால் அந்த 35 நிமிடம் வீட்டுக்கு 12 நிமிடமாகிவிடும், மாதம் 8 மணி நேரம் போன இடத்தில் ஆறேகால் மணி நேரம் போதும். அப்படி வந்தால் நாலைந்து வீடு கூடுவதில் லாபம் உண்டு. தூரத்தில் தனியாக நிற்கும் வீடுகளில் கள்ளி, கற்றாழை மாதிரித் தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடிகளே அதிகம் என்றால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போங்கள்.

செத்த செடி விஷயம் கொஞ்சம் சிக்கல். வெயில் காலத்தில் மொட்டை மாடித் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். நீங்கள் வாரத்தில் ஒரு நாள்தான் போகிறீர்கள், மீதி ஆறு நாள் தண்ணீர் வீட்டுக்காரர் பொறுப்பு. இது எழுத்தில் இல்லை என்றால் ஒவ்வொரு செடிக்கும் இலவசமாகக் காப்பீடு கொடுத்தது போலத்தான். என் வீட்டு மாடியிலும் ஒருவரை வைத்திருந்தேன். சொட்டுநீர்க் குழாய் ஓர் இடத்தில் கழன்று ஒரு வரிசையே கருகியது. அவர் என்னைச் சொன்னார், நான் அவரைச் சொன்னேன். இருவரிடமும் ஒரு போட்டோ கூட இல்லை.

அந்த இரண்டு வீட்டிலும் செத்த செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் காய்ந்து முறிந்தால் தண்ணீர் போகவில்லை, அந்தச் செலவு அவர்களுடையது. வேர் பழுப்பாகக் கொழகொழத்து நாறினால் தண்ணீர் தேங்கி அழுகியிருக்கிறது. தொட்டியின் அடித்துளை அடைத்திருந்தால் அதை நீங்கள் கவனித்திருக்க வேண்டும், செடியை மாற்றிக் கொடுங்கள். துளை திறந்திருந்தால் பெரும்பாலும் அவர்கள் தினமும் கொட்டிய தண்ணீர்தான் காரணம்.

இனி ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: டைமர் வைத்த சொட்டுநீர் உள்ள மாடியில், நான் வாங்கி நட்ட செடி 30 நாளுக்குள் செத்தால் மாற்றித் தருவேன், மற்றவை என் பொறுப்பல்ல. ஒவ்வொரு வருகையிலும் வரிசைக்கு ஒரு போட்டோ எடுத்து அன்றே அனுப்பிவிடுங்கள். முதல் நாளே தளத்தையும் மழைநீர் போகும் துளையையும் கூடப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் கீழ்வீட்டுக் கூரையில் கசிவு வந்தால் முதல் விரல் தோட்டக்காரரை நோக்கித்தான் நீளும்.