பெரட்டுக்களத்தில் கேட்ட கேள்வியும் மட்டைக்குவியலில் கிடைத்த பதிலும்

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் புதிதாக மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். "கண்ணை எடுத்தா ஒருத்தனும் வேலை செய்ய மாட்டான்" என்கிறார் மூத்த மண்டோர். கல்லூரியில் எக்ஸ் கொள்கை, ஒய் கொள்கை என்று படித்தோம். எங்கள் ஆட்கள் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வருடம் கண்டக்டராக வெளிக்காட்டு மேற்பார்வை பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்து லயத்தில் இருந்து ரப்பர் பால் வெட்டியவர்கள். அதனால் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலும் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். எக்ஸ், ஒய் என்பவை ஆட்களின் வகைகள் அல்ல. அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் டக்ளஸ் மெக்ரிகர் 1957இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேசியதும் 1960இல் நூலாக எழுதியதும் மேலாளரின் மனதில் இருக்கும் அனுமானங்களைப் பற்றித்தான். மனிதனுக்கு இயல்பிலேயே வேலை பிடிக்காது, மிரட்டி வேலை வாங்க வேண்டும், அவன் பொறுப்பைத் தட்டிக்கழிப்பான், யாராவது வழிநடத்தினால் போதும் என்று இருப்பான் என்று நம்புவது எக்ஸ். உழைப்பு என்பது விளையாட்டைப் போல, ஓய்வைப் போல இயல்பானது, தான் ஏற்றுக்கொண்ட நோக்கத்துக்காக மனிதன் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வான், தகுந்த சூழல் இருந்தால் பொறுப்பைத் தேடியும் போவான் என்று நம்புவது ஒய். ஆகவே உங்கள் ஆட்கள் எந்த வகை என்று தேடுவதற்கு முன், உங்கள் தோட்டத்து விதிகள் எந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை என்று பாருங்கள். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் பார்த்த பிரிவில் பழம் வெட்டுபவர்கள் பத்துப் பேர். ஆறு பேர் நம் ஆட்கள், நான்கு பேர் இந்தோனேசியர்கள். ஆலையிலிருந்து காய்க்குலை அதிகமாக வருகிறது என்று புகார் வந்தது. காயில் எண்ணெய் குறைவு, ஆலைக்கு நட்டம். உடனே நிர்வாகம் ஒரு விதி போட்டது: வெட்டிய குலைகளை லாரிக்காக அடுக்கும் மேடையில் காய்க்குலை கிடந்தால் ஒரு குலைக்கு 5 ரிங்கிட் கூலியில் பிடிப்பு. ஒவ்வொருவரும் தன் எண்ணைக் குலைக்காம்பில் அரிவாளால் கீறி வைப்பதால் யார் வெட்டியது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

இரண்டு மாதத்தில் மேடையில் காய்க்குலை அநேகமாக இல்லாமல் போனது. துரை சந்தோஷப்பட்டார், நானும்தான். அப்புறம் ஒரு நாள் மழை விட்ட காலையில், நெரைக்கு, அதாவது மரவரிசைக்கு நடுவே அடுக்கியிருந்த மட்டைக்குவியல் ஒன்றை ஏதோ நாற்றம் அடிக்கிறதே என்று காலால் தள்ளினேன். அடியில் ஏழு குலை. எல்லாம் கறுத்த காய், காம்பில் எண் இருந்த இடத்தை மட்டும் சீவி எறிந்திருந்தார்கள். அடுத்த நெரையில் நான்கு. விதி காய் வெட்டுவதை நிறுத்தவில்லை, காயை மறைக்கத்தான் கற்றுக்கொடுத்திருந்தது.

அதைவிடப் பெரிய சேதம் மரத்தின் மேலே இருந்தது. முப்பது அடி உயரத்தில் மட்டைகளுக்கு இடையே இருக்கும் குலை பழுத்ததா என்று கீழிருந்து நிறத்தை வைத்துச் சொல்வது சுலபமல்ல. அடியில் உதிரிப்பழம் விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்போம். சந்தேகமான குலையை வெட்டிச் சரியாகப் போனால் அவருக்குச் சில காசு கூடுதல், தப்பாகப் போனால் 5 ரிங்கிட் போச்சு. எனவே சந்தேகம் வந்தாலே பலர் விட்டுவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு நாளில் திரும்ப வேண்டிய சுற்று எங்களிடம் பதினாறு, பதினேழு நாள் ஆகிக்கொண்டிருந்தது. அதற்குள் விட்ட குலை அளவுக்கு மீறிப் பழுத்து, மரத்தடி வட்டம் முழுக்க உதிர்ந்து கிடக்கும். உதிரிப்பழத்தில்தான் எண்ணெய் அதிகம். ஆனால் குனிந்து முள்ளுக்குள் கைவிட்டுப் பொறுக்க நேரம் பிடிக்கும், கூலியோ குறைவு. பாதி மண்ணிலேயே முளைத்தது. ஆலைக்குப் போனதிலும் கொழுப்பமிலம் ஏறி எண்ணெய்யின் தரம் இறங்கியது.

அலுவலகத்தில் இதை எப்படிப் படித்தார்கள் தெரியுமா? "பாருங்கள், ஒளிக்கிறார்கள், பொறுக்க மாட்டேன் என்கிறார்கள், பொறுப்பே இல்லை." எனவே இன்னொரு சோதனையாளர், உதிரிப்பழத்துக்கும் அபராதம். மெக்ரிகர் சொன்னதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். அவர் எக்ஸ் நடத்தையை மறுக்கவில்லை. ஆட்கள் அப்படி நடந்துகொள்வதை நாம் கண்ணால் பார்க்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அது மனித இயல்பு அல்ல, அவர்களை நடத்திய விதத்தின் விளைவு என்றார். நம் அனுமானம் ஒரு விதியாகிறது, விதி ஒரு நடத்தையை வளர்க்கிறது, அந்த நடத்தையே அனுமானத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. தோட்டத்தில் இந்த வட்டம் கங்காணி காலத்திலிருந்து சுற்றுகிறது. விடியுமுன் பெரட்டில் நிற்க வைத்துப் பேர் வாசிப்பதும், பின்னால் ஒரு ஆள் நிற்காவிட்டால் வேலை நடக்காது என்பதும் அதே நம்பிக்கைதான். என் தாத்தாவைப் பற்றி அப்படி நினைத்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அந்த ஏழு குலையைப் பார்த்த அன்று நான் யாரையும் கூப்பிட்டுத் திட்டவில்லை. பசியாறும் நேரத்தில், அந்தப் பிரிவிலேயே மூத்தவரான ஓர் அண்ணனிடம் போய் உட்கார்ந்து, "அண்ணே, இந்தக் காயை எல்லாம் ஏன் வெட்டுனீங்க?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, இன்னைக்கு இந்தத் தீம்பார், நாளைக்கு வேற தீம்பார். அடுத்த சுத்து யாரு வருவாங்கன்னே தெரியாது. நான் விட்டுட்டுப் போற குலைய எவனோ வெட்டுவான். அப்ப எனக்கு என்ன, கையில கெடைக்கிறத வெட்டுறேன்" என்றார். தீம்பார் என்பது தோட்டத்தில் பிரித்துவைத்த ஒரு வேலைப் பகுதி.

அவர் சொன்னது சோம்பேறித்தனம் அல்ல. இன்று காத்திருந்தால் அடுத்த சுற்றில் வரும் பலன் தனக்கு இல்லை என்ற சரியான கணக்கு. ஒருவன் நோக்கத்தைத் தனதாக்கிக்கொள்வது, அதை அடைந்தால் அவனுக்குக் கிடைப்பதைப் பொறுத்தது என்று மெக்ரிகரும் சொல்கிறார். நாங்கள் அந்த இணைப்பையே அறுத்து வைத்துவிட்டு, பொறுப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தோம்.

துரையிடம் கெஞ்சி ஆறு மாதத்துக்கு அனுமதி வாங்கினேன். ஒவ்வொருவருக்கும் நிலையான நெரைகள் கொடுத்தோம். எந்த நெரையை முதலில் வெட்டுவது என்பது அவர் முடிவு. காய்க்குலை வந்தால் உடனே பிடிப்பு இல்லை. அன்றே மேடையில் அந்தக் குலையை அவர் கையாலேயே புரட்டிப் பார்த்து, அது எந்த மரம், ஏன் தப்பாகப் பட்டது என்று பேசுவோம். உதிரிப்பழத்துக்கு எடை போட்டுத் தனிக் கூலி வைத்தோம்.

முதலில் ஒரு பெரிய தவறு செய்தேன். ஆட்களை நம்புகிறோம் அல்லவா என்று, மேடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். மூன்று வாரத்தில் நீளக் காம்போடு குலைகள் வந்தன, ஆலையிலிருந்து மறுபடி புகார். கண்டிப்பைத் தளர்த்தி ஆளைச் சந்தோஷமாக வைத்தால் வேலை நடக்கும் என்பதும் எக்ஸின் இன்னொரு முகம்தான் என்று மெக்ரிகர் தெளிவாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார். தன் அனுபவத்திலும் அவர் இதைக் கண்டவர். ஆண்டியோக் கல்லூரித் தலைவராக இருந்து 1954இல் விலகும்போது, தலைவன் ஓர் ஆலோசகராக மட்டும் இருந்துவிடலாம், முதலாளியாக இருப்பதைத் தவிர்த்துவிடலாம் என்று தான் நினைத்தது தவறு என எழுதினார். அதனால் நான் மறுபடி தினமும் மேடைக்குப் போனேன். தண்டிப்பதற்காக அல்ல, தரம் இன்னதுதான் என்பதை எல்லோரும் ஒரே கண்ணால் பார்ப்பதற்காக.

மாற்றம் முதலில் தெரிந்தது எண்ணிக்கையில் அல்ல. கேள்விகளில் தெரிந்தது. அதற்கு முன் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது, "கண்டக்டர், என் நெரையில பரிகாவுல போட்ட பலகை ஒடஞ்சிருச்சு, வண்டி தள்ள முடியல" என்று வந்தார்கள். வாய்க்காலின் மேல் போட்ட அந்தப் பலகை அதற்கு முந்தைய வருடமும் ஒடிந்துதான் இருந்திருக்கும். அப்போது அது யாருடைய நெரையும் இல்லை. மட்டைக்குவியலைத் தள்ளிப் பார்ப்பதை நான் விடவில்லை. நான்காம் மாதத்துக்குப் பிறகு அடியில் எதுவும் கிடைக்கவில்லை.

பத்துப் பேரும் மாறினார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் சொந்த நெரை வேண்டாம், எங்கே போகச் சொல்கிறீர்களோ அங்கே போகிறோம் என்றார்கள். ஒருவர் சீக்கிரம் ஊர் திரும்பப் போகிறவர், அவருக்கு அடுத்த சுற்றைப் பற்றிக் கவலை இல்லை. அதில் தப்பும் இல்லை. எல்லா வேலைக்கும் ஒய் முறையே பொருந்துமா என்பதையும் 1970இல் மோர்ஸ், லார்ஷ் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். வேலை முன்கூட்டியே கணிக்கக்கூடியதாக இருந்த டப்பா ஆலையில் கட்டுக்கோப்பான முறை நன்றாக நடந்தது, ஆராய்ச்சிக்கூடத்தில் தளர்வான முறை நன்றாக நடந்தது. செம்பனையில் மருந்தடிப்பு, உரம் போடுவது போன்றவற்றில் அளவு அளவுதான், அங்கே அவரவர் இஷ்டம் கிடையாது. குலை பழுத்ததா என்று ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருவர் தனியாக நின்று முடிவு செய்ய வேண்டிய வேலைக்குத்தான் அவருடைய அக்கறை தேவைப்படுகிறது. எத்தனை மண்டோர் போட்டாலும் மரத்துக்கு ஒரு மண்டோர் போட முடியாது.

இன்னொன்று, நீங்கள் கொடுக்கும் பொறுப்புக்குப் பின்னால் தோட்டம் நிற்க வேண்டும். வருடக் கடைசி மழையில் எங்கள் பக்கம் பாதை சேறாகிவிடும். ஒரு தடவை லாரி இரண்டு நாள் வரவில்லை. வெட்டிய குலை மேடையிலேயே கிடந்து கெட்டது, பழியோ வெட்டியவர்கள் மேல் விழுந்தது. ஆறு மாதம் கட்டியது அந்த ஒரு வாரத்தில் பாதி சரிந்தது. மறுபடி ஒருவர் இருவர் எண் சீவ ஆரம்பித்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் மூத்த மண்டோரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பார்த்தது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் அவர் சொல்வது அல்ல. ஒரு நாள் மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, இருவரும் நடந்தே ஒரு தீம்பாருக்குள் போங்கள். நெரை நடுவே இருக்கும் மட்டைக்குவியலைப் புரட்டுங்கள். ஏதாவது கிடைத்தால் யார் போட்டது என்று கேட்காதீர்கள், இதை ஒளித்து வைக்க என்ன விதி காரணம் என்று அவரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.