கிளம்பிய வருஷம் நாம் எந்த நாட்டு வரிக்காரர்?

கேள்வி: "அண்ணா, ஓசூரில் வேலை பார்த்துவிட்டு 2025 அக்டோபர் 12 அன்று ஜெர்மனிக்குக் கிளம்பினேன். கிருஷ்ணகிரியில் என்.ஆர்.இ. கணக்கு தொடங்க அப்பா ஃபார்ம் வாங்கி அனுப்பியிருக்கிறார். 'இந்தியா தவிர வேறு நாட்டில் வரி செலுத்தும் குடியிருப்பாளரா?' என்ற இடத்தில் பேங்கிலேயே 'இல்லை' டிக் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?"

வேண்டாம் தம்பி. கையெழுத்து உங்களுடையது, அதனால் உறுதிமொழியும் உங்களுடையது. அந்த டிக் தப்பு.

'ஆறு மாசம் ஆகாமல் ஜெர்மனியில் வரிக் குடியிருப்பு வராது' என்று நிறைய பேர் சொல்வார்கள். ஆறு மாசக் கணக்கு, அங்கே சொந்தமாகத் தங்க இடம் இல்லாமல் இருப்பவருக்குத்தான். வாடகைக்கு வீடோ அறையோ எடுத்து நிலையாகத் தங்கினால், அன்றிலிருந்தே நீங்கள் அந்த நாட்டின் வரிக் குடியிருப்பாளர். எனவே 'ஆம்' என்று டிக் அடித்து, நாடு ஜெர்மனி என்று எழுதுங்கள்.

அதற்காக இந்தியாவை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் விஷயத்தில் சிக்கலே இங்கேதான். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் இந்திய வரிக் குடியிருப்பாளர். எண்ணிப் பாருங்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய 183 நாள், அக்டோபரில் 12. மொத்தம் 195. செப்டம்பர் 28-க்குள் கிளம்பியிருந்தால் 181 நாளோடு நின்றிருக்கும். ஆக 2025-26-க்கு நீங்கள் இரண்டு நாட்டுக்கும் வரிக் குடியிருப்பாளர். ஃபார்மில் நாடுகளுக்கு ஒன்றுக்கு மேல் வரிசை இருப்பது இதற்காகத்தான். ஒன்றில் ஜெர்மனியும் அந்நாட்டு வரி எண்ணும், இன்னொன்றில் இந்தியாவும் பான் எண்ணும் எழுதுங்கள்.

'இந்தியக் குடியிருப்பாளர் என்றால் என்.ஆர்.இ. கணக்கு கிடைக்குமா?' என்று கிளையிலேயே கேட்கக்கூடும். கிடைக்கும். கணக்குக்கான தகுதி அந்நியச் செலாவணிச் சட்டப்படி. அந்தச் சட்டத்தில், வேலைக்கென்று வெளிநாடு கிளம்பியதுமே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். நாள் எண்ணிக்கை வருமான வரிச் சட்டத்தின் கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் அந்த 'இல்லை' டிக் விழுந்திருக்கும்.

அடுத்து எண். ஜெர்மனியில் வரி சம்பந்தமாகக் கைக்கு வரும் எண்கள் பல. ஃபார்முக்கு வேண்டியது 'ஷ்டொயர் ஐடி': 11 இலக்கம், முழுக்க எண்கள், நடுவே சாய்கோடு கிடையாது, 0-வில் தொடங்காது. நகராட்சியில் முகவரியைப் பதிந்த பிறகு வீட்டுக்குத் தபாலில் வரும். சம்பளச் சீட்டிலும் இருக்கும். சாய்கோடு போட்டு உள்ளூர் வரி அலுவலகம் தருவது வேறு எண். நடுவே ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது சமூகக் காப்பீட்டு எண். அவசரத்தில் இந்த இரண்டில் ஒன்றை எழுதிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. தபால் இன்னும் வரவில்லை என்றால் பான் எண்ணை அங்கே நிரப்பாதீர்கள். எண் இல்லாத காரணத்தை எழுத இடம் இருக்கும், வந்ததும் தெரிவியுங்கள்.

டிக்கை ஒயிட்னர் வைத்து அழிக்க வேண்டாம், புதுப் பக்கம் கேளுங்கள். குடியிருப்பு முகவரியில் ஜெர்மனி முகவரி வரட்டும். தபால் தொடர்புக்கு அப்பா வீட்டு முகவரி இருக்கலாம். ஜெர்மனி முகவரியும் ஜெர்மனி போன் நம்பரும் கொடுத்துவிட்டு 'வேறு நாட்டில் வரி இல்லை' என்று எழுதினால், ஒன்றுக்கொன்று முரண்பட்டுப் பேங்க் மறுபடி விளக்கம் கேட்கும். பதில் வராவிட்டால் கணக்கு முடங்கும். 'கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்தத நாங்க பாத்துக்கறோம்' என்றால் அப்பாவிடம் சொல்லி ஃபார்மைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.

எழுதியது எங்கே போகும் என்பதையும் தெரிந்து வையுங்கள். பேங்க் நம் வருமான வரித் துறைக்குச் சொல்லும், துறை ஜெர்மனிக்குச் சொல்லும். என்.ஆர்.இ. வைப்புத்தொகை வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஜெர்மனியிலோ குடியிருப்பாளரின் உலக வருமானம் முழுதும் கணக்கில் வரும். தனி ஆளுக்கு வட்டி, டிவிடெண்ட் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,000 யூரோ வரை விலக்கு. அதற்கு மேல் போனால் அங்கே காட்ட வேண்டும்.

2025-26 ரிட்டர்னையும் குடியிருப்பாளராகவே போட வேண்டிவரும். அக்டோபருக்குப் பிந்தைய ஜெர்மனி சம்பளமும் அங்குள்ள பேங்க் கணக்கும் அதில் வரும். அங்கே கட்டிய வரிக்கு, இந்தியா-ஜெர்மனி வரி ஒப்பந்தப்படி கழிவு கேட்கலாம். இதை மட்டும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

2026 ஏப்ரலுக்குப் பிறகு ஊருக்கு வந்து தங்கும் நாட்கள் ஓராண்டில் 182-க்குக் கீழே இருந்தால் (இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் வரம்பு 120) இந்திய வரிசை நீங்கிவிடும். அப்போது திருத்திய உறுதிமொழியைக் கொடுங்கள். பெரும்பாலான ஃபார்ம்களில் மாற்றத்தைச் சொல்ல 30 நாள் கெடு அச்சிட்டிருக்கும். கையெழுத்துக்கு மேலே இருக்கும் பொடி எழுத்தில் பாருங்கள்.