ஜன்னல் உறையில் முகவரி நகர்ந்து போவது ஏன்?

“ஏ4 கடிதத்தை மூன்றாக மடித்து டிஎல் ஜன்னல் உறையில் போட்டால், உறையைத் தட்டும்போது முகவரியின் முதல் வரி மறைந்து, கீழே கடிதத்தின் வரி தெரிகிறது.”

உறை 220 × 110 மி.மீ., சமமாக மடித்த தாள் 210 × 99 தான், அதனால் உள்ளே தாள் மேலும் கீழும் 11 மி.மீ. நகரும். முதலில் உங்கள் உறையையே அளந்து பாருங்கள், ஜன்னலின் இடம் உறைக்கு உறை மாறும். 35 மி.மீ. உயர ஜன்னல் அடியிலிருந்து 20-ல் இருக்கிறது என்று வைப்போம். தாள் மேலே ஏறினால் அதன் உச்சியிலிருந்து 55–90 தெரியும், கீழே இறங்கினால் 44–79. எப்போதும் தெரிவது 55–79 மட்டும், வெறும் 24 மி.மீ.!

நான் சமமாக மடிப்பதில்லை. முகவரிப் பகுதி 105, நடு 105, கடைசி 87 என்று இசட் வடிவில் மடியுங்கள், முகவரி வெளியே பார்க்கும், நகர்வும் 5 மி.மீ. ஆகிவிடும். அப்போது 55–85 எப்போதும் தெரியும். முகவரியை 57-ல் தொடங்கி 83-க்குள் முடித்து, கடிதத்தை 92-க்குக் கீழே ஆரம்பியுங்கள்.

அப்புறம், அச்சிடும்போது அளவு 100% இருக்கட்டும், இல்லாவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தவறிவிடும்.