முதுகில் சரியும் தலைப்பு

கேள்வி: என் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது, 200 பக்கம். முதுகில் தலைப்பை மேலிருந்து கீழாக வைப்பதா, கீழிருந்து மேலாகவா? சாஃப்ட்வேரில் ‘சென்டர்’ கொடுத்தும் எழுத்து ஒரு பக்கமாக ஒதுங்கியே தெரிகிறது. ஏன்?

மேலிருந்து கீழாக வையுங்கள். ‘சென்டர்’ கட்டளையை நம்பாதீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இதே இடத்தில் நான் ஒரு புத்தகத்தைக் கெடுத்திருக்கிறேன்.

முதலில் திசை. புத்தகத்தை முன்னட்டை மேலே தெரியும்படி மேசையில் படுக்க வையுங்கள். முதுகில் உள்ள எழுத்து நிமிர்ந்து, நேராகப் படிக்கும்படி இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக வைத்தால்தான் அப்படி இருக்கும். கீழிருந்து மேலாக வைத்தால், படுத்திருக்கும் புத்தகத்தில் தலைப்பு தலைகீழாகத் தெரியும். 1985இல் வந்த ஐஎஸ்ஓ 6357 என்ற தரக்குறிப்பும் மேலிருந்து கீழாகவே சொல்கிறது.

இதற்கு மறுப்புச் சொல்ல ஆட்கள் உண்டு என்று தெரியும். பிரெஞ்சு, ஜெர்மன் புத்தகங்கள் பலவற்றில் எழுத்து கீழிருந்து மேலாக ஏறும். அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. மூன்று பாகங்களை இடமிருந்து வலமாக அடுக்கித் தலையை இடப்பக்கம் சாய்த்தால், முதல் பாகம் மேல் வரியாகவும் மூன்றாவது கீழ் வரியாகவும் வரிசையாகப் படிக்கலாம். நம் முறையில் தலையை வலப்பக்கம் சாய்க்கும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே எழுத்தாளரின் பாகங்களை மட்டும் யாரும் அடுக்கி வைப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் மேலிருந்து கீழாக இருக்கும்போது உங்களுடையது மட்டும் மாறி நின்றால், தேடுபவர் கழுத்தை அந்த ஒரு புத்தகத்துக்காக மறுபக்கம் திருப்ப வேண்டும். பழைய தமிழ்ப் புத்தகங்களில் இரண்டு திசையையும் பார்க்கலாம். அதைக் காட்டி ‘நம் மரபு வேறு’ என்று யாராவது சொன்னால், என் அலமாரியில் ஒரே பதிப்பகத்தின் புத்தகங்களே இரண்டு திசையிலும் நிற்கின்றன என்பதுதான் என் பதில்.

திசை தவறுவது பெரும்பாலும் கொள்கையால் அல்ல, ஒரு கழித்தல் குறியால். இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் சுழற்சிக் கோணத்தில் 90 என்று அடித்தால் எழுத்து கடிகாரத்துக்கு எதிராகத் திரும்பி, கீழிருந்து மேலாக ஏறிவிடும். நமக்கு வேண்டியது -90. அட்டை விரிப்பில் இடப்பக்கம் பின்னட்டை, நடுவில் முதுகு, வலப்பக்கம் முன்னட்டை. எழுத்துகளின் தலை முன்னட்டையைப் பார்த்திருந்தால் சரி. தலைப்பு நீளமாகி இரண்டு வரி வந்தால், முதல் வரி முன்னட்டைப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

சரி, இனி நடுவில் வைக்கும் விஷயம். இதில்தான் எனக்கு அடி.

ஒரு பெரியவர் தன் குடும்ப நினைவுகளை எழுதியிருந்தார், 240 பக்கம். தலைப்பை ‘குடும்பத்துக் குறிப்புகள்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மையான தலைப்பு வேறு. தாளின் கனம் ஒரு தாளுக்கு சுமார் 0.1 மி.மீ., 240 பக்கம் என்றால் 120 தாள், முதுகு 12 மி.மீ. எழுத்தின் உடல், அதாவது ‘ப’வின் அடியிலிருந்து அதன் உச்சி வரை, 4 மி.மீ. வரும்படி அளவு வைத்தேன். எழுத்துப் பெட்டியை முதுகின் நடுவில் வைத்து, திரையில் பார்த்துத் திருப்தியாகி, கோப்பை அனுப்பிவிட்டேன்.

புத்தகம் கைக்குப் போன அன்று சாயங்காலம் அவர் போன் செய்தார். “தம்பி, உள்ளே எல்லாம் அழகா வந்திருக்கு. ஆனா அலமாரியில வெச்சா பேரு முதுகுல இருந்து வழுக்கிப் பின்னால போற மாதிரி இருக்கேப்பா.” கோபமே இல்லாத குரல். நேரில் போய்ப் பார்த்தேன். ‘கு’வின் வளைவும் ‘து’வின் வாலும் பின்னட்டை மடிப்பைத் தொட்டுக்கொண்டு நின்றன. முன்னட்டைப் பக்கம் வெறும் வெளி.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது. சாஃப்ட்வேர் நடுவில் வைப்பது எழுத்தை அல்ல, ஃபாண்ட்டின் வரிப் பெட்டியை. எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இவ்வளவு இடம் என்று ஒவ்வொரு ஃபாண்ட்டும் ஒதுக்கி வைத்திருக்கும். நான் பயன்படுத்தியதில் மேலே அதிகம், கீழே குறைவு. அதனால் பெட்டி நடுவில் இருந்தாலும் எழுத்தின் உடல் நடுக்கோட்டிலிருந்து 0.6 மி.மீ. கீழே, அதாவது திருப்பிய பிறகு பின்னட்டைப் பக்கம், ஒதுங்கியிருந்தது. அதற்கும் கீழே வால்கள் 2.2 மி.மீ. இறங்குகின்றன. மேலே புள்ளியும் கொக்கியும் 1.8 மி.மீ. ஏறுகின்றன. கணக்குப் போட்டால் பின்னட்டைப் பக்கம் மிச்சம் 1.2 மி.மீ., முன்னட்டைப் பக்கம் 2.8. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது இது உறுத்தவில்லை. அப்புறம் பைண்டிங்கில் அட்டை 1 மி.மீ. நகர்ந்தது. அது யார் தவறும் அல்ல, பசை போட்டு ஒட்டும் பைண்டிங்கில் அந்த அளவு நகர்வு சாதாரணம். பின்பக்கம் மிச்சம் 0.2 மி.மீ. ஆகிவிட்டது. என் பிழையும் பைண்டிங் நகர்வும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன.

“எழுத்தை அவுட்லைன் ஆக்கி நடுவில் வைத்தால் போதுமே” என்று சிலர் சொல்வார்கள். நானும் அடுத்த புத்தகத்தில் அதைத்தான் செய்து பார்த்தேன். அவுட்லைன் ஆக்கினால், அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றினால், ஃபாண்ட்டின் வெற்றிடம் போய்விடும், உண்மைதான். ஆனால் தமிழில் வேறு சிக்கல் வரும். ‘மலை மழை’ என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு புள்ளி கிடையாது, கொக்கி கிடையாது. கீழே இறங்குவது ‘ழ’வின் ஒற்றைக் கால் மட்டும். அது 2 மி.மீ. இறங்கினால் சாஃப்ட்வேர் மொத்த உயரத்தை 6 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு, உடலை முழுதாக 1 மி.மீ. முன்னட்டைப் பக்கம் தள்ளிவிடும். ஒரே ஒரு எழுத்தின் கால் மற்ற எல்லா எழுத்துகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. கண்ணுக்கு அது நடுவாகத் தெரியாது.

ஆகவே இப்போது நான் செய்வது இதுதான். அவுட்லைன் ஆக்கிய பிறகு, ப, ம, ட மாதிரி மேலும் கீழும் நீளாத எழுத்து ஒன்றின் அடியிலும் உச்சியிலும் இரண்டு வழிகாட்டிக் கோடுகள் போடுகிறேன். அந்த இரண்டு கோடுகளுக்கு நடுப்புள்ளியை முதுகின் நடுக்கோட்டில் வைக்கிறேன். பிறகு தலைப்பின் வால்களை எண்ணிப் பார்க்கிறேன். ‘மலை மழை’யில் ஒரே ஒரு கால், அதற்காக நகர்த்த மாட்டேன். ‘குடும்பத்துக் குறிப்புகள்’ தலைப்பில் கு, து, கு, பு என்று வரிசையாகக் கீழே கனம் இறங்குகிறது. மேலே ஐந்து புள்ளியும் ஒரு கொக்கியும் இருந்தாலும் புள்ளிக்குக் கனம் இல்லை. அதனால் உடலை 0.2 மி.மீ. முன்னட்டைப் பக்கம் நகர்த்தினால் இரண்டு பக்கமும் மிச்சம் 2 மி.மீ. வந்துவிடுகிறது. கண்ணுக்கும் அமைதியாக இருக்கிறது. பைண்டிங் 1 மி.மீ. நகர்ந்தாலும் எழுத்து மடிப்பைத் தொடாது. ஒரே வரிசையில் பல பாகங்கள் வந்தால் மட்டும் இந்தக் கடைசி நகர்த்தலை ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அந்த வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுத்தை ஒன்றன் கீழ் ஒன்றாக நிமிர்த்தி அடுக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். தமிழுக்கு வேண்டாம். ‘ட’வுக்குக் கீழே ‘ணௌ’ வந்தால் அகலம் பல மடங்கு மாறும், நடுக்கோடே இருக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் எண்டர் தட்டும்போது கொம்பு தனியாகப் பிரிந்து, புள்ளிகளால் ஆன வட்டத்தோடு நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும். அந்தப் பெரியவரின் இரண்டாம் பாகத்தில் முன்னட்டையில் ‘குறிப்புகள்’ என்றும் முதுகில் ‘குறிப்புக்கள்’ என்றும் இருந்தது. முதுகு எழுத்தைத் தனியாகத் தட்டியதால் வந்த வினை. நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. மெய்ப்புப் பார்த்த பெண்மணிதான் அட்டையின் பிரிண்டைத் திருப்பிப் பிடித்து, பென்சிலால் அந்தக் ‘க்’கைச் சுற்றி அனுப்பினார். புத்தகம் வந்தது. அட்டைக்குப் பெயர், அச்சகத்துக்குப் பெயர், பக்க வடிவமைப்புக்கு என் பெயர். அவர் பெயர் எங்கும் இல்லை. கேட்டதற்கு “இடமில்லை” என்றார்கள். உரிமைப் பக்கத்தின் கீழ்ப்பாதி காலியாக இருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவர் பெயரைத் தயவுசெய்து போடுங்கள். முதுகையும் அவரிடம் காட்டுங்கள்.

உங்கள் 200 பக்கத்துக்கு வருகிறேன். அதே கனத் தாள் என்றால் 100 தாள், முதுகு சுமார் 10 மி.மீ. அச்சகத்திடம் அதே தாளில் எதுவும் அச்சிடாத மாதிரிப் புத்தகம், டம்மி என்பார்கள், ஒன்று கேட்டு வாங்கி அளந்துவிடுங்கள், என் கணக்கை வைத்து அட்டை செய்ய வேண்டாம். இரண்டு பக்கமும் 2 மி.மீ. விட்டால் எழுத்துக்கு மிச்சம் 6 மி.மீ. வாலும் புள்ளியும் சேர்ந்து உடல் அளவுக்கே இடம் கேட்கும் என்பதால், உடல் 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. முதுகுக்கு மட்டும் தனி நிறம் கொடுக்காதீர்கள். அட்டை நகர்ந்தால் எழுத்தைவிட அந்த நிறக்கோடுதான் முதலில் தெரியும். முன்னட்டையின் நிறமே முதுகைச் சுற்றிப் பின்னால் ஓடட்டும்.

அட்டை விரிப்பை 100 சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து, மடிப்புக் கோட்டில் மடித்து, அந்த டம்மிக்குப் போர்த்தி அலமாரியில் மற்ற புத்தகங்களுக்கு நடுவில் நிறுத்துங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். தலைப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். தெரிந்தால் 0.2, 0.3 மி.மீ. நகர்த்தி இன்னொரு பிரிண்ட் எடுங்கள். அந்தப் பெரியவரின் மறுபதிப்புக்கு எனக்கு நாலு பிரிண்ட் ஆனது.