நாமா, நாங்களா?

அன்புள்ள ஐயா,

ஆங்கிலச் சிறுகதைகளை மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன். 'வீ' என்று வரும் இடத்திலெல்லாம் கை நின்றுவிடுகிறது. நாமா, நாங்களா? சந்தேகம் வந்தால் 'நாம்' போடு, நெருக்கமாக இருக்கும் என்கிறார் நண்பர். விதி ஏதாவது உண்டா? இப்படி இரண்டு சொல் உள்ள ஒரே மொழி தமிழ்தான் என்று படித்தபோது பெருமையாகவும் இருந்தது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பெருமையை முதலில் இறக்கி வையுங்கள். தெலுங்கில் மனமு, மேமு. மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். மலாயில் கித்தா, காமி. தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியிலும் இது உண்டு. ஸ்பானியப் பாதிரியார் ஒருவர் 1560இலேயே இலக்கணத்தில் எழுதி வைத்துவிட்டார். இதில் தமிழ் தனியாக இல்லை. சரி, அது போகட்டும்.

உங்கள் நண்பர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. 'நாம்' அன்பின் அடையாளம் அல்ல, கணக்கு. கேட்பவர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா இல்லையா என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. என் மொழிபெயர்ப்பு ஒன்றில் நிலம் பறிபோனவர்கள் அதிகாரியின் முகத்துக்கு நேரே "எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டீர்கள்" என்பார்கள். மெய்ப்புப் பார்த்தவர், இதே நெருக்கத்துக்காக, அதை "நம் நிலத்தை" என்று திருத்திவிட்டார். பறித்தவனுக்கே பட்டா கொடுத்த மாதிரி! அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். இன்றும் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் கோபம் வரும்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. முன்பு இந்தக் கணக்கை வினைமுற்றும் வைத்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் அம், ஆம் விகுதிகளை முன்னிலையாரைச் சேர்ப்பதற்கும் எம், ஏம், ஓம் விகுதிகளைப் படர்க்கையாரைச் சேர்ப்பதற்கும் பிரித்துக் கொடுக்கிறது. 'உண்டாம்' என்றால் நானும் நீயும் உண்டோம்; 'உண்டோம்' என்றால் நானும் அவனும். பெயரே வேண்டாம், வினை போதும். பின்னால் ஓம் மட்டும் நின்று மற்றவற்றைத் தின்றுவிட்டது. அதாவது எதிரே இருப்பவரைச் சேர்க்காத விகுதியே இன்று இரண்டுக்கும் பொது. நாம் வந்தோம், நாங்கள் வந்தோம், இரண்டிலும் அதே வந்தோம்தான். வேறுபாடு பெயரிலும் அதன் வேற்றுமை வடிவங்களிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இது இழப்பு என்று புலம்பாதீர்கள். மொழிபெயர்ப்பவருக்கு இதுதான் தப்பிக்கும் வழி. விவிலியத்தில் படகு புயலில் சிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு தூங்குகிறார், சீடர்கள் எழுப்புகிறார்கள். 'சாகிறோம்' என்று அவர்கள் கதறும் கிரேக்க வினை அவரையும் சேர்த்ததா என்பதைச் சொல்லாது. மாற்கு நற்செய்தியின் பழைய தமிழ் பெயர்ப்பில் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று இருக்கிறது. அந்த ஒரு 'நாங்கள்' போட்டதும், படகு கவிழ்ந்தாலும் இவர் சாகமாட்டார் என்று சீடர்கள் நம்பியதாக ஆகிவிடுகிறது. 'நாம்' போட்டிருந்தால், அவரும் நம்மைப் போல முழுகக்கூடியவர்தான் என்று பயந்ததாக ஆகியிருக்கும். மூலத்தில் இல்லாத ஒரு நம்பிக்கையைப் பிரதிப்பெயர் தூக்கி வைத்துவிடுகிறது. அதே காட்சி லூக்காவில் "ஐயரே, ஐயரே, மடிந்துபோகிறோம்" என்று வருகிறது. பெயரே இல்லை. ஓம் யார் பக்கமும் சாயாது.

எனவே, வாய் யாருடையது, காது யாருடையது என்று முதலில் பாருங்கள். ஒரே பத்தியில் பேசுகிறவர் அதே ஆளாக இருப்பார், கேட்கிறவர் மாறிவிடுவார். அண்ணனிடம் 'நாம் போகலாம்' என்றவர் அடுத்த வரியில் கதவருகே நிற்கும் அயலாரிடம் 'நாங்கள் கிளம்புகிறோம்' என்பார். ஆங்கிலத்தில் இரண்டும் 'வீ'. தவறு பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான் நடக்கிறது. சோதனை எளிது: 'நீங்களும்தான்' என்று சேர்த்துப் பார்த்தால் வாக்கியம் நிற்கிறதா? நின்றால் நாம். கதைசொல்லி வாசகரைப் பார்த்துப் பேசும்போது, வாசகரும் அந்தக் கூட்டத்தில் இருந்தாலொழிய நாங்கள்.

மூலமே சொல்லாவிட்டால் பெயரைத் தூக்கிவிட்டு வினையில் முடியுங்கள். எழுவாயில் இது நடக்கும். 'நமக்கு', 'எங்களுக்கு', 'நம் வீடு', 'எங்கள் வீடு' என்று வரும் இடங்களில் இந்த வசதி குறைவு; அங்கே வாக்கியத்தையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். சோம்பல்படாதீர்கள்.

அப்புறம், எந்த வரியில் கை நின்றதோ அதை அடிக்கோடிட்டு அனுப்புங்கள். ஓரத்தில் கேட்பவர் யார் என்றும் எழுதுங்கள். அது இல்லாமல் என்னாலும் சொல்ல முடியாது.