பாட்டி வீட்டில் வளர்ந்தவரும் 'அவாய்டன்ட்' என்ற முத்திரையும்

கேள்வி: என் கணவர் 5 வயது வரை பாட்டி வீட்டில் வளர்ந்தவர். சண்டை வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கிவிடுகிறார். இணையத்தில் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம், 'அவாய்டன்ட் அட்டாச்மென்ட்' என்று வந்தது. அம்மாவைப் பிரிந்து வளர்ந்ததால்தான் இப்படியா? இது மாறுமா?

உங்கள் கணவர் இருக்கும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். எனக்கு ஒன்றே கால் வயதாகும்போது அம்மா நர்ஸ் வேலைக்குச் சவுதி போனார். அப்பா அதற்கு முன்பிருந்தே பம்பாயில். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் ஆச்சிதான் என்னை 5 வயது வரை வளர்த்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் கணவரும் ஒரு ஆலோசகரிடம் போனோம். பன்னிரண்டு கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். கூட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க அவாய்டன்ட். சின்ன வயசுல அம்மா விட்டுட்டுப் போனதுதான் காரணம்" என்றார். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அன்று ராத்திரி அந்த வாக்கியத்தை அப்படியே போனில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இருபது வருடமாகத் தினமும் கூப்பிடுகிறவர், அந்த வாரம் முழுக்கக் கூப்பிடவில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். பிறகு தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதுகலையும் முடித்தேன். சிகிச்சை கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை, கொடுப்பதும் இல்லை. படித்ததையும் பட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

'அவாய்டன்ட்' என்ற சொல் முதலில் யாரைக் குறித்தது என்று பாருங்கள். ஒரு வயதுக் குழந்தைகளை. குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பைத்தான் 'அட்டாச்மென்ட்' என்கிறார்கள். அதைப் பற்றி ஜான் போல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் சொன்ன கொள்கையை மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களிடம் சோதித்தார். குழந்தை பிறந்த முதல் வருடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் சுமார் 72 மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் 'ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்' என்ற சோதனை. பொம்மைகள் உள்ள புது அறை, ஒரு புது ஆள், அம்மா இரண்டு தடவை வெளியே போய்த் திரும்பி வருவார். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 நிமிடம்.

அம்மா போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அவர் திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் அதில் முக்கியம். பெரும்பாலான குழந்தைகள் ஓடி வந்து தூக்கச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி மறுபடி விளையாடப் போய்விடும். சில குழந்தைகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டே கோபத்தில் உதைத்துக்கொண்டு அழும், லேசில் அடங்காது. இன்னும் சில குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையைப் பார்க்கும். இந்தக் கடைசி வகைக்குத்தான் 'அவாய்டன்ட்', அதாவது விலகிக்கொள்கிற வகை, என்று பெயர். முதல் வகையைப் பாதுகாப்பான பிணைப்பு என்றும் மற்ற இரண்டையும் பாதுகாப்பில்லாத பிணைப்பு என்றும் சொல்வார்கள். வெளியே கண்டுகொள்ளாத மாதிரி இருக்கும் இந்தக் குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அளந்தபோது அது ஏறித்தான் இருந்தது. வீட்டில் இந்தக் குழந்தைகள் அம்மா நகர்ந்தாலே அழுதவர்கள் என்பதையும் ஐன்ஸ்வொர்த் பார்த்திருந்தார். தொட்டால், தூக்கச் சொன்னால் தள்ளிவிடும் அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை என்று கற்றுக்கொண்டதன் விளைவு இது என்பது அவருடைய விளக்கம்.

இங்கேதான் அந்த ஆலோசகர் இரண்டு விஷயங்களைக் குழப்பினார். அந்தக் குழந்தைகளை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவர்கள் அம்மாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அந்த முகத்திருப்பல் தினசரிப் பழக்கத்தில் உருவானது. நீண்ட பிரிவு வேறு கதை. 1950களில் போல்பியும் அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட சின்னக் குழந்தைகளிடம் அதைப் பார்த்தார்கள். முதலில் அழுகை, அப்புறம் சோர்வு, அதற்கப்புறம் அம்மா வந்தாலும் அந்நியரைப் பார்ப்பது போன்ற ஒரு விலகல்.

எங்கள் வீட்டில் முப்பது வருடமாகச் சிரிப்புக்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அம்மா முதல் லீவில் வந்தபோது எனக்கு 3 வயது. ஆச்சியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனாம். அம்மா கையை நீட்டி "வாடி என் கண்ணு" என்றாராம். நான் ஓலைப்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு புளியங்கொட்டையை எண்ண ஆரம்பித்துவிட்டேனாம். பிறகு "ஆச்சி, அந்த அக்கா எப்ப போகும்?" என்று கேட்டேனாம். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஏன் என்று எனக்கு 35 வயதில்தான் புரிந்தது.

ஆனால் அதே 3 வயதில் இருட்டில் பயந்தால் நேராக ஆச்சியின் மடிக்குப் போய் அடங்கினேன். அதுவும் பிணைப்புதான். இந்த வகைகள் ஒரு குறிப்பிட்ட உறவைக் குறிப்பவை. குழந்தைக்கே ஒட்டிவிட்ட குணம் அல்ல. ஒரே குழந்தை அம்மாவிடம் ஒரு மாதிரியும் அப்பாவிடம் வேறு மாதிரியும் வகைப்படுவது ஆய்வுகளிலேயே உண்டு. 'பாட்டி வளர்த்தார், அதனால் பிணைப்பு இல்லை' என்று முடிவு கட்ட இந்தக் கொள்கையில் இடமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு வெளியே போனாலும் பரவாயில்லை. என் அப்பா நான் பிறந்ததிலிருந்து 12 வயது வரை பம்பாயில் இருந்தார். அந்தத் தாளிலும் அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, ஆலோசகரும் கேட்கவில்லை. ஊரிலும் யாரும் கேட்டதில்லை. சம்பாதிக்கப் போன அப்பா 'குடும்பத்துக்காகக் கஷ்டப்பட்டவர்'. அதே காரணத்துக்காகப் போன அம்மா 'பிள்ளையை விட்டுட்டுப் போனவள்'. எங்கள் வீட்டுக் கடனில் முக்கால்வாசியை அடைத்தது அம்மாவின் சம்பளம். இது என்னால் ஆறவே முடியாத விஷயம்.

சரி, டெஸ்டுக்கு வருகிறேன். 1987இல் சிண்டி ஹேஸன், பிலிப் ஷேவர் என்ற இரண்டு உளவியலாளர்கள் டென்வர் நகரச் செய்தித்தாள் ஒன்றில், காதல் உறவு பற்றிய மூன்று சிறு பத்திகளைக் கொடுத்து 'உங்களுக்குப் பொருந்துவது எது?' என்று கேட்டார்கள். குழந்தைகளுக்குச் சொன்ன மூன்று வகைகள் பெரியவர்களின் காதலுக்கு வந்தது அப்படித்தான். இன்று இணையத்தில் சுற்றும் டெஸ்டுகள் அந்த வழியில் வந்தவை. நீங்கள் இப்போது, இந்த உறவில், உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதை அவை அளக்கின்றன. அதற்கு ஒரு பயன் உண்டு. உங்கள் குழந்தைப் பருவத்தை அவை அளக்கவில்லை.

அதற்குத் தனியாக ஒரு நேர்காணல் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். அதில் அம்மாவை விவரிக்க ஐந்து சொற்கள் கேட்பார்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிகழ்ச்சியும் கேட்பார்கள். என்ன நடந்தது என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. நடந்ததை எவ்வளவு கோர்வையாக, எவ்வளவு நேராகச் சொல்ல முடிகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். இந்த நேர்காணல் முடிவையும் டெஸ்ட் முடிவையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் இடையிலான தொடர்பு 0.09 என்று வந்தது. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் இரண்டும் ஒன்றே.

முதுகலை படிக்கும்போது நானும் ஒரு தோழியும் இந்தக் கேள்விகளை ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகினோம். நான் சொன்ன சொற்களில் ஒன்று 'பாசமானவர்'. "அதுக்கு ஒரு நிகழ்ச்சி?" என்றாள் தோழி. "எல்லா அம்மாவும் பாசம்தானே" என்றேன். விலகிக்கொள்கிறவர்களின் பேச்சில் தேடச் சொல்லும் அடையாளமே இதுதான், நல்ல சொல் இருக்கும், அடியில் நினைவு இருக்காது. பல மாதம் கழித்து ஒருநாள் ஞாபகம் வந்தது. சவுதியிலிருந்து அம்மா கேசட் அனுப்புவார். சாயங்காலம் ஆச்சி டேப் ரெக்கார்டரில் போடுவார். 'தலைக்கு எண்ணெய் வெச்சியா, பேன் இருக்கான்னு ஆச்சிய பாக்கச் சொல்லு' என்று அம்மாவின் குரல். நான் பெட்டிக்குப் பின்னால் போய் ஆளைத் தேடுவேன். இப்போது 'பாசமானவர்' என்ற சொல்லுக்கு என்னிடம் நிகழ்ச்சி இருக்கிறது.

மாறுமா என்று கேட்டீர்கள். ஒரு வயதில் சோதித்த 50 பேரை 20 வருடம் கழித்து நேர்காணல் செய்ததில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பான, பாதுகாப்பில்லாத என்ற இரண்டில் அதே பக்கத்தில் இருந்தார்கள். ஆனால் இடையில் சாவு, மணமுறிவு, பெரிய நோய் போன்றவை நடந்த வீட்டுப் பிள்ளைகளில் 44 சதவீதம் பேர் மாறியிருந்தார்கள், நடக்காதவர்களில் 22. மின்னசோட்டாவில் வறுமையில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்ச்சியே கிடைக்கவில்லை. முதல் வருடம் ஒரு சாய்வைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பின்னால் கிடைக்கும் நண்பர்கள், துணை, நடக்கும் இழப்புகள் எல்லாம் அதைத் திருப்புகின்றன.

'அப்போ குழந்தையை எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாமா?' என்று யாராவது கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அடி, புறக்கணிப்பு, மாறி மாறி யார் யாரோ வளர்ப்பது, இவற்றின் பாதிப்பு உண்மையானது. அதேபோல, உங்கள் கணவர் ஒதுங்குவதோடு நிற்காமல் உங்களை மட்டம் தட்டினால், கை ஓங்கினால், அதற்கு அட்டாச்மென்ட் என்று பெயர் வைக்காதீர்கள்.

எங்களுக்கு உதவியது ஒன்றே ஒன்று. சண்டையில் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். வெளியே கல் மாதிரி இருப்பேன், உள்ளே நெஞ்சு படபடவென்று அடிக்கும். கணவர் பின்னாலேயே வந்து பேசச் சொன்னால் இன்னும் இறுகிவிடுவேன். இப்போது போகும்போது "அரை மணி நேரத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறேன், சொன்னபடி கீழே இறங்கி வருகிறேன். அவர் பின்னால் வருவதில்லை. இது பழக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

உங்கள் கணவரிடம் அம்மாவைப் பிரிந்ததைப் பற்றிக் கேட்பதைவிட, 5 வயதில் பாட்டியைப் பிரிந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எனக்கு நினைவு தெரிந்த பிரிவு அதுதான். அம்மா வேலையை விட்டுத் திரும்பி வந்து என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனபோது, 'அம்மாகிட்ட போகப் போற' என்று எல்லாருக்கும் சந்தோஷம். பஸ் ஜன்னலுக்கு வெளியே ஆச்சி நின்றார். நான் அழவில்லை, 'சமத்து' என்றார்கள். அதை ஒரு இழப்பு என்று நினைத்து இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, அந்தத் தாளிலும் அதற்குக் கேள்வி இல்லை.